இருட்டிலும் மழையிலும் கண்ணில் படும் ஹெல்மெட், மழை ஜாக்கெட் நிறங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை பெய்யும்போது இருட்டிய பிறகு பைக்கிலோ ஸ்கூட்டரிலோ போகிறவர்கள் நிறத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் இவை. "நல்ல பளிச்சென்ற நிறமாகப் போடு" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் பகலில் பளிச்சென்று இருப்பது ஒன்று, நனைந்த சாலையில் ஹெட்லைட் வெளிச்சத்தில் தெரிவது இன்னொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துத்தான் இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

எந்த நிறம் வாங்கினால் இருட்டில் நன்றாகத் தெரிவேன்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஹெல்மெட் வெள்ளை அல்லது ஃப்ளோரசன்ட் மஞ்சள். ஜாக்கெட் ஃப்ளோரசன்ட் மஞ்சள். அதன் மேல் மார்பையும் முதுகையும் சுற்றி, கைகளையும் சுற்றி, குறைந்தது 5 செ.மீ. அகலத்தில் வெள்ளி நிற ரிஃப்ளெக்டிவ் பட்டை. மழை பேன்டில் கணுக்கால் பக்கமும் அதே பட்டை. அந்தப் பட்டை நனைந்த பிறகும் ஒளியைத் திருப்பி அனுப்புகிற வகையாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் வாங்கும்போது யாரும் பார்ப்பதில்லை.

அந்தி வெளிச்சம் இருக்கும்வரை உங்களைக் காட்டுவது மஞ்சள் துணி. முழுக்க இருட்டிய பிறகு காட்டுவது பட்டை. ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விட்டுவிட முடியாது.

பகலில் கண்ணைக் கூச வைக்கும் மஞ்சள், ராத்திரியில் ஏன் சாதாரணத் துணி மாதிரி ஆகிவிடுகிறது?

ஃப்ளோரசன்ட் சாயம் தானாக ஒளிர்வதில்லை. நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும், ஓரளவு நீல ஒளியையும் உறிஞ்சி, அதை மஞ்சள்-பச்சை ஒளியாக மாற்றி வெளியே விடுகிறது. அதனால்தான் துணியின் மீது எவ்வளவு மஞ்சள் ஒளி விழுந்ததோ அதைவிடக் கூடுதலான மஞ்சள் ஒளி அதிலிருந்து வருவதுபோல் தெரிகிறது.

மேகமூட்டமான நாளிலும் வானத்திலிருந்து அந்தக் கதிர் வந்துகொண்டுதான் இருக்கும். சூரியன் மறைகிற நேரத்தில் வான வெளிச்சத்தில் நீலத்தின் பங்கு கூடும். ஆகவே மழை மேகத்துக்குக் கீழே, மாலை மங்குகிற அந்த அரை மணி நேரத்தில், மற்ற எல்லா நிறமும் சாம்பலாகிக்கொண்டிருக்கும்போது ஃப்ளோரசன்ட் மஞ்சள் மட்டும் தனியாக எடுத்துக் காட்டும். இந்தச் சாயத்துக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது.

வானம் முழுக்க இருட்டியதும் அந்தக் கதிர் நின்றுவிடுகிறது. ஹாலஜன் ஹெட்லைட்டில் புற ஊதா மிகக் குறைவு. எல்இடி விளக்கில் அநேகமாக இல்லவே இல்லை. கொஞ்சம் நீல ஒளி இருப்பதால் சாயம் சற்றே விழித்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆரஞ்சு நிறமாக எரியும் சோடியம் தெருவிளக்கின் கீழ் அதுவும் இல்லை. அங்கே ஃப்ளோரசன்ட் மஞ்சளும் ஒரு வெளிர் மஞ்சள் சட்டையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அப்படியானால் ராத்திரிக்கு எந்த நிறமாக இருந்தாலும் ஒன்றுதானே?

இல்லை. ஒளிர்வு போய்விட்டாலும் வெளிர் நிறம் என்ற பலன் மிச்சம் இருக்கிறது. வெள்ளைத் துணி தன் மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 80 சதவீதத்தைச் சிதறடித்துத் திருப்பும். கறுப்புத் துணி 5 சதவீதத்தைத் தாண்டாது. நனைந்துவிட்டால் இரண்டுமே இன்னும் மங்கும், பருத்தி மாதிரித் தண்ணீரை உறிஞ்சும் துணி என்றால் கண்கூடாகவே மங்கும். தண்ணீர் உள்ளே போகாத வழவழப்பான மழை ஜாக்கெட்டில் இந்த இழப்பு குறைவு.

சிவப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆபத்து என்றாலே சிவப்பு என்று பழகிவிட்டதால், சிவப்பு ஜாக்கெட் நன்றாகத் தெரியும் என்று பலர் நம்புகிறார்கள். பகலில் நம் கண் அதிகமாக உணர்வது சுமார் 555 நானோமீட்டர் அலைநீளத்தை, அதாவது மஞ்சள் கலந்த பச்சையை. வெளிச்சம் குறையக் குறைய அந்த உச்சம் 507 நானோமீட்டர் பக்கம், நீலப் பச்சைக்கு நகர்கிறது. சிவப்பு இந்த இரண்டிலிருந்தும் தூரத்தில் இருக்கிறது. ஆகவே மாலை மங்கும்போது முதலில் கறுத்துப் போவது சிவப்புதான். சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உள்ள ஓட்டுநர்களில் ஒரு பகுதியினருக்கு அது பகலிலேயே மங்கல். போதாததற்கு, மழை இரவில் சாலை முழுக்கப் பின்விளக்குகளின் சிவப்பு வேறு. அதற்கு நடுவே இன்னொரு சிவப்பைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

ஆரஞ்சு பரவாயில்லை. மரம், புதர் நிறைந்த பச்சைப் பின்னணியில் பகலில் மஞ்சளைவிட எடுப்பாகக்கூடத் தெரியும். ஆனால் வெளிர்த்தன்மை குறைவு. அதிகத் தெரிவு உடைகளுக்கான ஈஎன் ஐஎஸ்ஓ 20471 என்ற தரநிலையிலேயே இது தெளிவாக இருக்கிறது: ஃப்ளோரசன்ட் மஞ்சளுக்குக் குறைந்தபட்ச ஒளிர்மைக் காரணி 0.70, ஆரஞ்சு-சிவப்புக்கு 0.40, சிவப்புக்கு 0.25. அந்தியைத் தாண்டி ஓட்டுகிறவருக்கு மஞ்சளே என் தேர்வு.

வெள்ளி, சாம்பல் நிற ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. நனைந்த தார், டயர் கிளப்பும் நீர்த்திவலை, மழைத்திரை எல்லாமே அதே சாம்பல்தான்.

நல்ல ஹெட்லைட் உள்ள காரில் வருகிறவருக்கு நான் தெரியாமலா போவேன்? மழை அப்படி என்ன செய்துவிடுகிறது?

காய்ந்த தார்ச்சாலை சொரசொரப்பாக இருக்கும். விழுகிற ஹெட்லைட் ஒளியில் ஒரு பகுதியை ஓட்டுநர் பக்கமே திருப்பிச் சிதறடிக்கும். அதனால் சாலை வெளிச்சமாகத் தெரியும். மழை பெய்ததும் அந்தச் சொரசொரப்பின் மேல் தண்ணீர்ப் படலம் படிந்து, தார் கண்ணாடி போல ஆகிவிடுகிறது. ஒளி முன்னோக்கி வழுக்கிக்கொண்டு போய்விடும். ஓட்டுநருக்குத் தன் விளக்கு எரிகிறதா என்றே சந்தேகம் வரும். எதிரே வருகிற வண்டியின் ஒளியோ இரட்டிப்பாகிறது: விளக்கிலிருந்து ஒன்று, சாலையில் நீண்ட கோடாகத் தெரியும் பிம்பத்திலிருந்து இன்னொன்று. முன் கண்ணாடியில் நிற்கும் ஒவ்வொரு துளியும் அந்த ஒளியைச் சிதறடிக்கிறது.

இதற்கு நடுவே இருண்ட உடையில் ஒருவர் போனால், இருட்டான தாரும் இருட்டான ஆளும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

இப்போது தூரத்தைப் பாருங்கள். கார் 60 கி.மீ. வேகத்தில் வருகிறது, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். உங்களைக் கண்டு, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆனால் 25 மீட்டர் போய்விடும். நனைந்த சாலையில் உராய்வு 0.4 அளவு என்று வைத்தால் நிற்க இன்னும் 35 மீட்டர். மொத்தம் 60 மீட்டர். உங்கள் உடை 60 மீட்டருக்கு அப்பாலேயே தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். கீழே சொல்லப்படும் எல்லாவற்றையும் இந்த 60 மீட்டரை வைத்தே பாருங்கள்.

ரிஃப்ளெக்டிவ் பட்டைதான் ஜாக்கெட்டில் இருக்கிறதே, அது போதாதா? நனைந்தால் அது கெட்டுப்போய்விடுமா?

கெட்டுப்போகாது. ஆனால் நனைந்திருக்கும்வரை சில பட்டைகள் ஏறக்குறைய வேலை செய்வதை நிறுத்திவிடும். காய்ந்ததும் பழையபடி மின்னும். அதனால்தான் வீட்டில் சோதித்துப் பார்ப்பவர்களுக்கு இது தெரிவதே இல்லை.

பட்டையில் இரண்டு வகை உண்டு. துணியில் தைத்து வருகிற வெள்ளி நிறப் பட்டைகளில் பெரும்பாலானவற்றில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கண்ணாடி மணிகள் அடுக்கப்பட்டு, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக இருக்கும். ஒளி மணிக்குள் நுழையும்போது வளைந்து, பின்புறம் குவிந்து, அங்கே உள்ள அலுமினியப் பூச்சில் பட்டு, வந்த வழியே திரும்புகிறது. அந்த வளைவு, காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழைவதைக் கணக்கு வைத்து அமைக்கப்பட்டது. மணியின் மேல் தண்ணீர் நின்றால் ஒளி தண்ணீரிலிருந்து கண்ணாடிக்குள் நுழைகிறது, வளைவு குறைகிறது, குவியம் மணிக்குப் பின்னால் தள்ளிப் போகிறது. ஒளி திரும்புவதற்குப் பதில் சிதறுகிறது.

இரண்டாவது வகையில் மணிகளின் மேலோ, நுண்ணிய பட்டகங்களின் மேலோ வழவழப்பான தெளிந்த பிளாஸ்டிக் படலம் இருக்கும். தண்ணீர் அந்தப் படலத்தின் மேல்தான் நிற்கும், உள்ளே இருக்கும் அமைப்பைத் தொடாது. தேன்கூடு மாதிரியோ சின்னச் சின்னக் கட்டங்களாகவோ கோடு தெரிந்தால், தொட்டால் பிளாஸ்டிக் போல வழுவழுவென்று இருந்தால், பெரும்பாலும் அது இந்த வகை.

அளவுகளைச் சொன்னால் வித்தியாசம் விளங்கும். ஈஎன் ஐஎஸ்ஓ 20471 தரநிலைப்படி புதிய பட்டை நேராகப் பார்க்கும் நிலையில் குறைந்தது 330 அலகு ஒளியைத் திருப்ப வேண்டும். மழையில் நனைத்துச் சோதிக்கும்போது 100 இருந்தால் போதும். அதே அலகில் வெள்ளைத் துணி கால் அலகுதான், அதாவது 0.25. தரநிலைக்குப் பாஸான பட்டை நனைந்த பிறகும் வெள்ளைத் துணியைவிட நானூறு மடங்கு. பாஸாகாத பட்டை எதுவரை கீழே போகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அலங்காரத்துக்காக மெல்லிய கோடாக அச்சடித்த ரிஃப்ளெக்டிவ் டிசைன்கள் பெரும்பாலும் இந்தத் தரநிலைக்கே போயிருக்காது.

வீட்டிலேயே இதைச் சோதிக்க முடியுமா?

முடியும், பத்து நிமிட வேலை. ஜாக்கெட்டை இருட்டான இடத்தில் ஒரு ஹேங்கரில் தொங்கவிடுங்கள். பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று, டார்ச்சை உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில், காதோடு ஒட்டிப் பிடித்து அடியுங்கள். இடுப்புக்கு நேராகப் பிடித்தால் சோதனையே தப்பு, ஏனென்றால் பட்டை ஒளியை டார்ச்சுக்கே திருப்பி அனுப்பும், உங்கள் கண்ணுக்கு வராது. போனில் ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுத்தாலும் சரி, அங்கே விளக்கும் லென்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரேயால் பட்டை முழுக்க நனையும்படி தெளித்து, தண்ணீர் வழியும்போதே இன்னொரு படம். துடைக்க வேண்டாம். இரண்டாவது படத்தில் பட்டை வெள்ளையாக எரிந்தால் நல்லது. திட்டுத் திட்டாக, சாம்பலாக, அங்கங்கே புள்ளியாக மட்டும் தெரிந்தால், மழையில் அந்தப் பட்டையை நம்பக்கூடாது. சில பட்டைகளில் தண்ணீர் முத்தாகத் திரண்டு உருண்டு ஓடிவிடும், அவை தப்பித்துக்கொள்ளும். தண்ணீர் படலமாகப் பரவி நிற்பவைதான் தோற்கின்றன. அதே பட்டை துவைத்துத் துவைத்து நீர்விலக்கும் பூச்சு போனதும் முதல் ரகத்திலிருந்து இரண்டாவது ரகத்துக்கு மாறிவிடலாம். அதனால் இந்தச் சோதனையை ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னாலும் ஒரு முறை செய்யுங்கள்.

பட்டை உடம்பில் எந்த இடத்தில் இருக்க வேண்டும்?

பலரும் மார்பையும் தோளையும் நினைக்கிறார்கள். ஆனால் லோ பீம் எங்கே விழுகிறது என்று பார்த்தால் கதை வேறு.

காரின் ஹெட்லைட் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைப்போம். எதிரே வருபவர் கண்ணைக் கூச வைக்காமல் இருக்க, லோ பீமின் மேல் விளிம்பு ஒரு மீட்டருக்கு 1 செ.மீ. வீதம் கீழே சாய்ந்திருக்கும். அந்தக் கணக்கில் 30 மீட்டரில் விளிம்பின் உயரம் 35 செ.மீ. 50 மீட்டரில் வெறும் 15 செ.மீ. 65 மீட்டரில் தரையைத் தொட்டுவிடும். சாலையோரப் பக்கம் மட்டும் விளிம்பு சாய்வாக மேலே ஏறும். அங்கே 50 மீட்டரில் தொடை அளவுக்கு வெளிச்சம் வரலாம். உங்கள் ஹெல்மெட் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு வருவதெல்லாம் விளிம்புக்கு மேலே கசியும் மங்கலான ஒளி மட்டுமே.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரிகிறது. ஒன்று, கணுக்கால், ஷூவின் பின்புறம், பேன்டின் கீழ் விளிம்பு, வண்டியின் பின் மட்கார்டு, பின் பெட்டியின் அடிப்பகுதி: முழு வெளிச்சமும் தூரத்திலேயே விழுகிற இடங்கள் இவைதான். இங்கே ஒட்டும் பட்டைக்குத்தான் பலன் அதிகம். இரண்டு, மேலே உள்ள ஹெல்மெட்டுக்கும் தோளுக்கும் வெறும் வெளிர் நிறம் போதாது. கசியும் கொஞ்ச ஒளியை வீணாக்காமல் அப்படியே திருப்பும் பட்டை அங்கே வேண்டும்.

பக்கவாட்டை மறந்துவிடாதீர்கள். கையைச் சுற்றி வளையமாகப் போகும் பட்டை, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். முன்பக்கம் மட்டும் தைத்த பட்டை தெரியாது. சைக்கிள் ஓட்டுபவருக்குக் கணுக்கால் பட்டை இன்னொரு விதத்திலும் உதவும்: மிதிக்கும்போது அது மேலும் கீழும் போகிறது, அந்த அசைவைப் பார்த்ததுமே அங்கே ஒரு மனிதர் இருக்கிறார் என்று கண் பிடித்துக்கொள்ளும். பைக்கில் கால் அசையாது என்பதால் அந்த ஆதாயம் இல்லை.

ஹெல்மெட் நிறத்தால் விபத்து குறைகிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்து வட்டாரத்தில் பைக் ஓட்டுநர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2004-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. விபத்தில் அடிபட்டவர்களையும், அதே சாலைகளில் ஓட்டிப்போன மற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். ரிஃப்ளெக்டிவ் அல்லது ஃப்ளோரசன்ட் உடை போட்டவர்களுக்கு அடிபடும் அபாயம் 37 சதவீதம் குறைவாக இருந்தது. கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம் குறைவு.

அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பலர் மேற்கோள் காட்டுவதில்லை. முன்பக்கம் தெரியும் சாதாரண உடையின் நிறத்துக்கும், வண்டியின் நிறத்துக்கும் விபத்தோடு எந்தத் தொடர்பும் தென்படவில்லை. சாதாரண வெளிர் சட்டை போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இது எல்லாப் பருவநிலையையும் சேர்த்த ஆய்வு, மழை இரவுக்கென்று தனியாகச் செய்ததல்ல. வெள்ளை ஹெல்மெட் வாங்குகிறவர் பொதுவாகவே நிதானமான ஓட்டுநராக இருக்கலாம் என்பதையும் முழுக்க விலக்கிவிட முடியாது. இருந்தும், புதிதாக வாங்கும்போது எந்தச் செலவும் கூடாமல் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்று என்பதால், கறுப்பை விட்டு வெள்ளையை எடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

ஏற்கெனவே கறுப்பு ஹெல்மெட் இருக்கிறது. ஸ்டிக்கர் ஒட்டலாமா, பெயின்ட் அடிக்கலாமா?

ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டலாம், பெயின்ட் வேண்டாம். ஏபிஎஸ், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக் ஓடுகளைப் பெயின்டில் உள்ள கரைப்பான் பலவீனப்படுத்தும். வெளியில் பார்த்தால் தெரியவே தெரியாது, அடிபடும்போதுதான் தெரியும். ஸ்டிக்கரிலும் ஹெல்மெட்டுக்கென்றே வருவதை வாங்குவது நல்லது. முன், பின், இரண்டு பக்கம் என்று நான்கு இடங்களில் ஒட்டுங்கள். பிரான்ஸில் பைக் ஹெல்மெட்டில் இந்த நான்கு பக்கமும் ரிஃப்ளெக்டிவ் ஸ்டிக்கர் சட்டப்படியே கட்டாயம். ஸ்டிக்கர்களில் மேலே வழவழப்பான படலம் இருப்பதால் மழையில் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும். வளைவில் சுருக்கம் விழாமல் இருக்கச் சின்னத் துண்டுகளாக வெட்டி ஒட்டுங்கள்.

பெரிய லாரி, பஸ் ஓட்டுநர்களுக்கும் பட்டை அதே அளவு தெரியுமா?

தெரியாது, இது பலருக்குப் புதிய செய்தி. பட்டை ஒளியை விளக்கை நோக்கித்தான் திருப்புகிறது. விளக்குக்கும் ஓட்டுநர் கண்ணுக்கும் இடையே உயரம் கூடக் கூட, கண்ணுக்கு வந்து சேரும் ஒளி வேகமாகக் குறையும். காரில் கண் விளக்குக்கு மேலே சுமார் 60 செ.மீ. 100 மீட்டர் தூரத்தில் அது மூன்றில் ஒரு பங்கு டிகிரி. அந்தக் கோணத்துக்குத் தரநிலை கேட்பது 250 அலகு. உயரமான லாரியில் கண் விளக்குக்கு மேலே ஒன்றரை மீட்டர் இருந்தால், 50 மீட்டரில் கோணம் ஒன்றரை டிகிரியைத் தாண்டிவிடும். ஒன்றரை டிகிரிக்குத் தரநிலை கேட்பதே வெறும் 10 அலகுதான்.

ஆகவே லாரிக்கு முன்னால் போகும்போது பட்டை எரிகிறது என்ற நிம்மதி வேண்டாம். அங்கே உங்களைக் காட்டுவது பின்விளக்கு. அதன் மேல் படிந்த சேற்றைத் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பக்கச் சாலையிலிருந்து வெளியே வருகிற காருக்கு நான் தெரிவேனா?

அந்தக் காரின் ஹெட்லைட் உங்கள் மீது விழவில்லை, குறுக்கே எங்கேயோ விழுகிறது. ஒளி வராத பட்டை திருப்பி அனுப்ப ஒன்றுமில்லை. எவ்வளவு நல்ல பட்டையாக இருந்தாலும் சந்திப்பில் இந்த ஓட்டை உண்டு. அந்த ஓட்டுநருக்குத் தெரிவது உங்கள் ஹெட்லைட்டும், தெருவிளக்கு இருந்தால் அந்த வெளிச்சத்தில் உங்கள் வெளிர் ஹெல்மெட்டும் மட்டுமே. உங்கள் ஹெட்லைட்டின் கூச்சத்துக்குப் பின்னால் மார்புப் பகுதி மறைந்துவிடும். ஹெல்மெட் அதற்கு மேலே தனியாகத் தெரியும். ராத்திரிக்கும் வெளிர் ஹெல்மெட் வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இதுதான் காரணம்.

கறுப்பு மழைக்கோட்டும் முதுகுப் பையும்தான் என்னிடம் இருக்கிறது. தினமும் இருட்டிய பிறகு வேலையிலிருந்து திரும்புகிறேன். புதிதாக எல்லாம் வாங்க முடியாது. என்ன செய்வது?

உங்கள் பயணத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள். கிளம்பும்போது அந்தி. கறுப்புக் கோட் அப்போதே பின்னணியில் கரைகிறது. அடுத்து தெருவிளக்கு உள்ள சாலை. கோட்டில் மெல்லிய ரிஃப்ளெக்டிவ் கோடு ஏதாவது இருந்தாலும் அது முதுகில்தான் இருக்கும், அதைப் பை மூடிவிடுகிறது. கடைசியில் விளக்கில்லாத சாலை. பின்னால் வருகிற காரின் லோ பீம் உங்கள் கால் பக்கம்தான் விழுகிறது, அங்கேயும் கறுப்பு பேன்ட். மூன்று கட்டத்திலும் உங்களைக் காட்டிக்கொடுப்பது பின்விளக்கு ஒன்றுதான்.

முதலில் ஒரு ஃப்ளோரசன்ட் மஞ்சள் வெஸ்ட் வாங்குங்கள், ஈஎன் ஐஎஸ்ஓ 20471 குறியும் வகுப்பு 2 என்ற குறிப்பும் உள்ளதாக. அந்த வகுப்பில் ஃப்ளோரசன்ட் துணி குறைந்தது அரைச் சதுர மீட்டர் இருக்கும். இதை மழைக்கோட்டுக்கு வெளியே போட வேண்டும். உள்ளே வெஸ்ட், மேலே கோட் என்று போகிறவர்களைச் சாலையில் அடிக்கடி பார்க்கலாம், அந்த வெஸ்ட் இருந்தும் இல்லாததுதான். கோட்டுக்கு மேல் போடுவதால் இரண்டு அளவு பெரியதாக எடுங்கள். வெஸ்ட் படபடவென்று அடித்துக்கொள்ளாமல் பக்கவாட்டுப் பட்டியை இறுக்குங்கள்.

அடுத்து பை. அதற்கு மஞ்சள் நிற மழை உறை, நடுவில் ரிஃப்ளெக்டிவ் பட்டையோடு கிடைக்கும். அது இல்லாவிட்டால் பையை வண்டியில் கட்டிவிட்டு முதுகைக் காலியாக விடுங்கள். கணுக்கால் இரண்டிலும் ரிஃப்ளெக்டிவ் பட்டி கட்டிக்கொள்ளுங்கள், மேலே தெளிந்த பிளாஸ்டிக் படலம் உள்ள வகையாக. கறுப்பு ஹெல்மெட்டில் நான்கு ஸ்டிக்கர். பின் மட்கார்டில் சிவப்பு ரேடியம் துண்டு ஒன்று. முடிந்ததும் ஒரு மழை இரவில் நண்பரை வண்டியில் உட்காரவைத்து, காரின் லோ பீமைப் போட்டுக்கொண்டு 60 மீட்டர் பின்னால் நின்று பாருங்கள். இருண்ட இடைவெளி எங்கே இருக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும். பெரும்பாலும் அது பையாகத்தான் இருக்கும்.

தெளிவான பிளாஸ்டிக் மழைக்கோட்டை மஞ்சள் ஜாக்கெட்டுக்கு மேல் போடலாமா?

புதிதாகக் கண்ணாடி போல இருக்கும்வரை ஓரளவு சரி. ஆனால் கசங்கினால் ஒவ்வொரு மடிப்பும் ஒளியை வேறு வேறு பக்கம் திருப்பும், உள்ளே வியர்வை ஆவி படிந்தால் முழுக்கப் புகைமூட்டமாகிவிடும். பட்டை திருப்பி அனுப்பும் ஒளி அதைத் தாண்டி வர முடியாது. வேறு வழியில்லாத நாளைக்கு மட்டும்.

பகலில் கறுப்பாக இருந்து, வெளிச்சம் பட்டால் மின்னும் துணி வந்திருக்கிறதே?

காய்ந்த இரவில் பயன்படும். வெள்ளி நிறப் பட்டையைவிடக் குறைவாகவே திருப்பும். அந்தியில் அது வெறும் கறுப்புத் துணி. முழு ஜாக்கெட்டுமே மின்னும் சாம்பல் நிறத் துணிகளில் பெரும்பாலும் திறந்த கண்ணாடி மணிகள்தான் என்பதால், மேலே சொன்ன ஸ்பிரே சோதனையை அவற்றுக்குக் கட்டாயம் செய்து பாருங்கள்.

ஒருமுறை வாங்கினால் எத்தனை நாள் வரும்?

மஞ்சளும் பட்டையும் வெவ்வேறு வேகத்தில் தேய்கின்றன. ஃப்ளோரசன்ட் சாயத்தை ஒளிரச் செய்வதும் அழிப்பதும் ஒரே புற ஊதாக் கதிர்தான். ஜாக்கெட்டை வண்டி மேலேயே வெயிலில் போட்டு வைத்தால் சீக்கிரம் வெளுத்து, எலுமிச்சை நிறம் போய் வெறும் வைக்கோல் நிறமாகும். காலர் மடிப்புக்குள்ளோ பாக்கெட் மூடிக்குக் கீழேயோ வெயில் படாத துணி இருக்கும். அதை வெளித் துணியோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டால் எவ்வளவு போயிருக்கிறது என்று உடனே தெரியும்.

பட்டையை அழிப்பது உரசலும் துவைப்பும். எத்தனை முறை துவைக்கலாம் என்று தரமான உடைகளின் லேபிளிலேயே போட்டிருக்கும். மெஷினில் போடுவதானால் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள். துணி மென்மையாக்கும் திரவம், பிளீச் இரண்டும் வேண்டாம். முறுக்கிப் பிழியவோ பட்டை மேல் இஸ்திரி போடவோ கூடாது. அதற்காகத் துவைக்காமலும் விடாதீர்கள், ஏனென்றால் சேறும் புகைக்கரியும் படிந்த பட்டை தேய்ந்த பட்டையைவிட மோசம். சாதாரணச் சேறு என்றால் ஈரத்துணியால் துடைத்தாலே போதும். நிழலில் உலர்த்துங்கள்.